மடித்துத் துளையிட்ட தாளை மனதுக்குள் பிரிப்பது எப்படி?

ஆடி மாதம் சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும்போது தெருவுக்குத் தெரு தோரணம் கட்டுவார்கள். கலர் பேப்பரை நாலாக மடித்து, ஓரத்தில் கத்தரியால் ரெண்டு வெட்டு வெட்டி, பிரித்துப் பார்த்தால் தாள் முழுக்கப் பூ விழுந்திருக்கும். தோரணம் வெட்டும் பிள்ளைக்கு எங்கே வெட்டினால் எங்கே பூ விழும் என்று கை சொல்லிவிடும். அதே பிள்ளை தேர்வில் மடித்த தாளின் படத்தைப் பார்த்தால் திணறிப்போகிறது. தாள் கையில் இல்லை, படத்தில் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் தாளிலும், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுகளின் ரீசனிங் பகுதியிலும் இந்தக் கேள்வி வருவதுண்டு. மூன்று படங்கள் கொடுப்பார்கள். முதல் இரண்டில் தாள் மடிக்கப்படும், மூன்றாவதில் துளை போடப்படும். பிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு நான்கு விடைப் படங்கள் தருவார்கள். சேலம் குகைப் பகுதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் எந்த வரிசையில் சொல்வேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

படத்தை வாசிப்பது

பாதிப் பேர் தப்பு செய்வது பிரிக்கும்போது இல்லை, படத்தைப் பார்க்கும்போதே. படத்தில் அழுத்தமான கோட்டுக்குள் இருப்பதுதான் இப்போது இருக்கும் தாள். புள்ளிக்கோட்டால் வரைந்த பகுதி தாள் முன்பு இருந்த இடம். மடித்த பிறகு அங்கே தாள் கிடையாது, வெறும் இடம். அம்புக்குறி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் தாள் போனது என்று காட்டும். புள்ளிக்கோடும் அழுத்தக்கோடும் சந்திக்கும் விளிம்புதான் மடிப்புக் கோடு. படத்தைப் பார்த்ததும் அந்த விளிம்பில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது மனதுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கப்போவது அங்கேதான்.

மடிப்பு முன்பக்கமாகப் போனதா பின்பக்கமாகப் போனதா என்று சிலர் குழம்புவார்கள். துளைகளின் இடத்தைப் பொறுத்தவரை அதில் வித்தியாசமே இல்லை. எந்தப் பக்கம் மடித்தாலும் துளை எல்லா அடுக்குகளையும் தாண்டித்தான் போகும்.

ஒருநாள் மட்டும் கையால் செய்யுங்கள்

ஒரு பக்கம் எழுதிய பழைய தாள் போதும். 12 செ.மீ. சதுரமாக வெட்டி, மூன்று மூன்று செ.மீ. விட்டுக் கோடு போட்டால் நான்குக்கு நான்கு, மொத்தம் 16 கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் அதன் விலாசத்தை எழுதுங்கள். முதலில் மேலிருந்து எத்தனையாவது வரிசை, பிறகு இடமிருந்து எத்தனையாவது கட்டம். இடது மேல் மூலை (1,1), வலது மேல் மூலை (1,4), இடது கீழ் மூலை (4,1). கட்டுரை முழுக்க இதே விலாசம்தான்.

பஞ்சிங் மெஷின் இதற்கு உதவாது. அதன் வாய் தாளின் ஓரத்தைத் தாண்டி உள்ளே எட்டாது. கோணி ஊசி எடுத்துக்கொள்ளுங்கள், தாளுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வைத்துக் குத்துங்கள். எட்டு அடுக்கானாலும் சுத்தமாக இறங்கும்.

முதல் பயிற்சி. தாளின் இடது பாதியைத் தூக்கி வலது பாதியின் மேல் மடியுங்கள். பிறகு மேல் பாதியைக் கீழ்ப் பாதியின் மேல் மடியுங்கள். இப்போது கையில் இருப்பது வலது கீழ்ப்பக்கத்துக் கால் பாகம், நான்கு அடுக்கு. மேலே தெரிவது தாளின் பின்பக்கம், அதில் கட்டத்தின் எண் இருக்காது, இடத்தை மட்டும் பாருங்கள். முழுத்தாளில் (3,4) எங்கே இருக்குமோ அந்த இடத்தில் ஊசியை இறக்குங்கள்.

ஒரேயடியாகப் பிரித்துவிடாதீர்கள். கடைசியாக மடித்த மேல் பாதியை மட்டும் முதலில் தூக்குங்கள். (3,4)இல் இருந்த துளைக்கு ஜோடியாக (2,4)இல் ஒன்று தெரியும். பிறகு இடது பாதியைத் திருப்புங்கள். (3,4)க்கு ஜோடி (3,1), (2,4)க்கு ஜோடி (2,1).

```
·  ·  ·  ·
●  ·  ·  ●
●  ·  ·  ●
·  ·  ·  ·
```

இப்போது கண்ணை மூடிக்கொண்டு துளைகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். (3,4) வழவழவென்று இருக்கும். பக்கத்துத் துளைகளான (2,4)உம் (3,1)உம் சொரசொரவென்று விரலில் தட்டும். எதிர் மூலையில் இருக்கும் (2,1) மறுபடி வழவழப்பு. ஊசி இறங்கும்போது காகிதத்தின் பிசிறு ஊசி போகும் பக்கமாகத் தள்ளப்படும். ஒருமுறை மடித்த அடுக்கு குப்புறக் கிடப்பதால், பிரித்ததும் அதன் பிசிறு மேல்பக்கம் வந்துவிடுகிறது. இரண்டு முறை மடிந்த அடுக்கு மறுபடி நிமிர்ந்து கிடக்கிறது, அதன் பிசிறு கீழேயே போய்விடுகிறது. ஒரு மடிப்பைத் தாண்டுவது ஒருமுறை கண்ணாடி பார்ப்பது என்பதை விரல் இப்படித் தெரிந்துகொள்ளும். வட்டத் துளைக்கு இது தேவைப்படாது. முக்கோணமோ எழுத்தோ வெட்டிய கேள்வி வந்தால் இதுதான் காப்பாற்றும்: சொரசொரப்பான துளைகளில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கும், வழவழப்பானவற்றில் உருவம் நேராக இருக்கும், அல்லது சுழன்று நிற்கும்.

கோட்டுக்கு ஓர் எண்

துளையின் ஜோடி எங்கே விழும் என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி இது. மடிப்புக் கோட்டின் இருபக்கமும் ஒட்டியிருக்கும் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். அதுதான் அந்தக் கோட்டின் எண். தாளின் நடுவில் மடித்தால் கோடு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும், ஆகவே அதன் எண் 5. முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மடித்தால் 3. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் மடித்தால் 7.

கோட்டின் எண்ணிலிருந்து துளையின் இடத்தைக் கழித்தால் ஜோடியின் இடம் கிடைக்கும். நடுக்கோட்டில் 4க்கு ஜோடி 5−4, அதாவது 1. செங்குத்துக் கோடானால் இரண்டாம் எண்ணை மட்டும் மாற்றுங்கள், வரிசை அப்படியே இருக்கும். கிடைக்கோடானால் முதல் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

தேர்வுப் படத்தில் கட்டம் இருக்காது, வெறும் சதுரம்தான் இருக்கும். பென்சிலால் அதன் மேல் நான்குக்கு நான்காக லேசாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். என்.எம்.எம்.எஸ். வினாத்தாளிலேயே இதைச் செய்யலாம். எஸ்.எஸ்.சி. கணினித் தேர்வில் ரஃப் ஷீட்டில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். துளை கட்டத்தின் நடுவில் விழாமல் அதன் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தால் நான்குக்கு நான்கு போதாது, எட்டுக்கு எட்டாகப் பிரிக்க வேண்டும். அப்போது நடுக்கோட்டின் எண் 4-உம் 5-உம் சேர்ந்து 9 ஆகிவிடும். முறை அதேதான்.

மலை இறங்கும் வரிசை

ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து பஸ்ஸில் வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன வருஷம் என்னிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். தாளின் இடது பாதியை வலது பாதியின் மேல் மடித்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பட்டையை மறுபடி அதே திசையில் மடித்திருக்கிறார்கள், அதாவது 3-ஆம் கட்டத்துப் பட்டை 4-ஆம் கட்டத்தின் மேல் போய்விட்டது. கையில் இருப்பது ஒரு கட்டம் அகலமான நீளப் பட்டை. அதன் உச்சியில், (1,4)இல், ஒரு துளை.

அவள் முதல் மடிப்பை முதலில் பிரித்தாள். கோட்டின் எண் 5, ஆகவே (1,4)க்கு ஜோடி (1,1). பிறகு இரண்டாவது மடிப்பு. கோட்டின் எண் 7, ஆகவே (1,4)க்கு ஜோடி (1,3). அடுத்து (1,1)க்கு 7−1, அதாவது (1,6).

"அக்கா, ஆறாவது கட்டமே இல்லையே. அதை விட்டுட்டேன். மூணு துளைதான்."

"ஊசிய குத்தும்போது எத்தன அடுக்கு இருந்துச்சு கண்ணு?"

"ரெண்டு தடவை மடிச்சாங்க… நாலு."

"அப்ப நாலாவது துளை எங்க போச்சு?"

அவளுக்குப் புரியவில்லை. ஏற்காடு பஸ்ஸைச் சொன்னேன். "சேலத்துல இருந்து ஏறும்போது முதல்ல எந்தக் கொண்டை ஊசி வளைவு வரும்?" "ஒண்ணாவது." "வீட்டுல இருந்து இறங்கி வரும்போது?" "இருவது." சொல்லி முடித்ததும் அழிப்பானை எடுத்துவிட்டாள். ஏறும்போது கடைசியாகத் தாண்டிய இருபதாவது வளைவைத்தான் இறங்கும்போது முதலில் தாண்டியாக வேண்டும். தாளும் அப்படித்தான். கடைசி மடிப்பு மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது முதல் மடிப்பைப் பிரிக்க முடியாது.

சரியான வரிசையில் போட்டோம். முதலில் 7-ஆம் எண் கோடு: (1,4)க்கு ஜோடி (1,3). பிறகு 5-ஆம் எண் கோடு: (1,4)க்கு (1,1), (1,3)க்கு (1,2). மேல் வரிசை முழுக்க நான்கு துளை.

முதல் பயிற்சியில் வரிசையை மாற்றிப் பிரித்திருந்தாலும் அதே விடை வந்திருக்கும். இரண்டு கோடுகளும் தாளின் நடுவில் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுவதால் அப்படி. அந்த மாதிரிக் கணக்கையே பத்து தடவை போட்டுப் பழகியவர்களுக்கு வரிசை முக்கியமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிறகு 7-ஆம் எண் கோடுபோலத் தாளின் கால் பங்கில் விழும் மடிப்பு வந்ததும் தடுக்கி விழுகிறார்கள். நடுக்கோடோ கால்கோடோ, எப்போதும் கடைசியிலிருந்து வாருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே அடுக்கு இல்லை

புதிதாக வருபவர்கள் அதிகம் மார்க் இழப்பது இங்கேதான். இரண்டு மடிப்பு என்றால் நான்கு அடுக்கு, மூன்று மடிப்பு என்றால் எட்டு அடுக்கு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். தாளைச் சரிபாதியாக மடித்தால் மட்டுமே அது சரி. ஓரத்தை மட்டும் மடித்தால் தாளின் ஒரு பகுதி இரண்டு அடுக்காகவும் மற்றது ஒற்றையாகவும் இருக்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம். முதலில் இடது ஓரத்துப் பட்டையை, அதாவது 1-ஆம் கட்டத்தை, 2-ஆம் கட்டத்தின் மேல் மடிக்கிறார்கள். பிறகு மேல் பாதியைக் கீழ்ப் பாதியின் மேல் மடிக்கிறார்கள். துளைகள் இரண்டு: ஒன்று (3,2)இல், இன்னொன்று (4,4)இல்.

துளையைத் தொடும் முன் அடுக்கை எழுதுங்கள். முதல் மடிப்புக்குப் பின் 2-ஆம் கட்டத்தில் இரண்டு அடுக்கு, 3-இலும் 4-இலும் ஒன்று. மேல் பாதி கீழே வந்ததும் எல்லாம் இரட்டிக்கும்: 2-ஆம் கட்டத்தில் நான்கு, 3-இலும் 4-இலும் இரண்டு. என் பிள்ளைகள் கடைசிப் படத்தின் மேல் இதைச் சின்ன எண்ணாக எழுதுவார்கள்.

```
[1 காலி]  [2: நான்கு]  [3: இரண்டு]  [4: இரண்டு]
```

(3,2) நான்கு அடுக்கில் விழுகிறது, பிரித்தால் நான்கு துளை தரும். (4,4) இரண்டு அடுக்கில் விழுகிறது, இரண்டு தரும். மொத்தம் ஆறு. எந்தத் துளை எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே விடையில் ஆறு துளை இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நான்கு விடைப் படங்களில் எட்டுத் துளை உள்ளதையும் நான்கு துளை உள்ளதையும் இங்கேயே அடித்துவிடலாம்.

இனிப் பிரிப்போம். கடைசி மடிப்பு மேல் பாதி, கோட்டின் எண் 5, மாறுவது வரிசை. (3,2)க்கு ஜோடி (2,2), (4,4)க்கு ஜோடி (1,4). அடுத்து இடது பட்டை, கோட்டின் எண் 3. இந்தப் பட்டை 2-ஆம் கட்டத்தின் மேல் மட்டும்தான் கிடந்தது. ஆகவே 2-ஆம் கட்டத்தில் இருக்கும் துளைகளுக்கு மட்டும் ஜோடி உண்டு: (3,2)க்கு (3,1), (2,2)க்கு (2,1). நான்காம் கட்டத்துத் துளைகளின் மேல் அந்தப் பட்டை இல்லவே இல்லை, அவற்றைத் தொடக்கூடாது.

```
·  ·  ·  ●
●  ●  ·  ·
●  ●  ·  ·
·  ·  ·  ●
```

எண்ணிப் பாருங்கள், ஆறு.

இந்தக் கணக்கில் தப்பு விடையாக வைக்கப்படும் படம் பெரும்பாலும் எட்டுத் துளையோடு இருக்கும். (1,4)க்கும் (4,4)க்கும் எதிரே (1,1), (4,1)இலும் துளை போட்டு, நான்கு மூலையும் அழகாகத் தெரியும். பார்க்கச் சமச்சீராக இருப்பதால் கண் அங்கே போகும். முதல் மடிப்பு பாதி மடிப்பாக இல்லாதபோது விடை இடவலமாகச் சமச்சீராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதல் மடிப்பு சரிபாதியாக இருந்தால் மட்டும் விடைப் படம் அந்தக் கோட்டின் இருபக்கமும் ஒரேமாதிரி இருந்தே தீரும்.

அடுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் ஜோடி தேடினால், துளை தாளுக்கு வெளியே போகவே போகாது. போய்விட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது: வரிசை மாறியிருக்கும், அல்லது ஒற்றை அடுக்கில் இருக்கும் துளைக்கு ஜோடி தேடியிருப்பீர்கள். வெளியே போன துளையைச் சும்மா விட்டுவிட்டு மேலே போகாதீர்கள். நின்று, அடுக்கை மறுபடி எழுதுங்கள்.

மூலைவிட்ட மடிப்பு

மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக மடித்தால் கண் எளிதில் ஏமாந்துவிடும். சாய்ந்த கோட்டில் கண்ணாடி வைத்தால், மேல் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்த துளை இடது விளிம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இடது வலது மாறுவது, மேல் கீழ் மாறுவது என்பதற்குப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது.

விலாசத்தில் பார்த்தால் எளிது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் கோட்டில் மடித்தால், இரண்டு எண்ணையும் இடம் மாற்றுங்கள். (4,3)க்கு ஜோடி (3,4), (1,2)க்கு ஜோடி (2,1). மற்ற மூலைவிட்டத்தில், அதாவது வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குப் போகும் கோட்டில் மடித்தால், இடம் மாற்றிவிட்டு இரண்டையும் 5-இலிருந்து கழியுங்கள். (1,2) முதலில் (2,1) ஆகும், பிறகு (3,4) ஆகும்.

மூன்று மடிப்புக் கணக்கு ஒன்று. இடது பாதி வலது பாதியின் மேல். மேல் பாதி கீழ்ப் பாதியின் மேல். இப்போது கையில் இருப்பது வலது கீழ்க் கால் பாகம். அதன் வலது மேல் மூலையைப் பிடித்து இடது கீழ் மூலையின் மேல் மடிக்கிறார்கள். ஒரு முக்கோணம் கிடைக்கிறது, எட்டு அடுக்கு. துளை (4,3)இல்.

கடைசி மடிப்பின் கோடு தாளின் மையத்திலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகிறது, அதாவது முதல் வகை மூலைவிட்டம். (4,3)க்கு ஜோடி (3,4). அடுத்து மேல் பாதி: (4,3)க்கு (1,3), (3,4)க்கு (2,4). நான்கு ஆகிவிட்டது. கடைசியாக இடது பாதி: (4,3)க்கு (4,2), (3,4)க்கு (3,1), (1,3)க்கு (1,2), (2,4)க்கு (2,1). எட்டு.

```
·  ●  ●  ·
●  ·  ·  ●
●  ·  ·  ●
·  ●  ●  ·
```

மூலை நான்கும் காலி, நடு நான்கும் காலி, சுற்றிலும் வளையல் மாதிரி எட்டுத் துளை.

மூலைவிட்டத்தை மறந்து, சாய்வு மடிப்பை இடவலமாகப் புரட்டிப் போட்டவருக்கு என்ன வரும் தெரியுமா? (4,3)க்கு ஜோடியாக (4,4) வரும், அதிலிருந்து மேல் வரிசை முழுக்க நான்கும் கீழ் வரிசை முழுக்க நான்கும் வரும். அதிலும் எட்டுத் துளைதான். ஆகவே அடுக்கை எண்ணுவது இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. எண்ணிக்கை ஒத்துப்போனதும் விடையைக் குறித்துவிடும் பழக்கம் இங்கே காலை வாரும்.

இதற்கு இன்னொரு சோதனை உண்டு. இந்தக் கணக்கில் மூன்று மடிப்புக் கோடுகளுமே தாளின் மையத்தைத் தொடுகின்றன. மையத்தைத் தொடும் கோட்டில் கண்ணாடி வைத்தால் துளை மையத்திலிருந்து இருக்கும் தூரம் மாறாது. எட்டுத் துளைகளும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். (4,4) மூலை (4,3)ஐவிடத் தள்ளி இருக்கிறது, ஆகவே அந்த விடை தப்பு. ஓரத்தை மட்டும் மடித்த கணக்குகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அந்தக் கோடுகள் மையத்தைத் தொடுவதில்லை.

விளிம்பில் வெட்டு

சில கேள்விகளில் துளை உள்ளே இருக்காது, விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அந்த விளிம்பு மடிப்புக் கோடா, தாளின் திறந்த ஓரமா என்று பாருங்கள். மடிப்புக் கோட்டில் வெட்டிய அரைவட்டம் பிரித்ததும் முழுவட்டமாகிவிடும், இரண்டு அடுக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். திறந்த ஓரத்தில் வெட்டியது ஒவ்வொரு அடுக்கிலும் அரைவட்டமாகவே நிற்கும். தோரணம் வெட்டியவர்களுக்கு இது புதிதில்லை. மடிப்பில் வெட்டினால் பூ, ஓரத்தில் வெட்டினால் ஓரத்தில் வளைவு.

தேர்வு அறையில்

என்.எம்.எம்.எஸ். மனத்திறன் தாளில் 90 நிமிடத்தில் 90 கேள்வி, ஆகக் கேள்விக்கு ஒரு நிமிடம். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, தப்பான விடைக்கு அரை மார்க் கழிப்பார்கள். கேள்விக்குச் சராசரி 36 விநாடிதான். எல்லாத் துளையையும் போட்டு முடிக்க அங்கே நேரம் கிடைக்காது, தேவையும் இல்லை.

நான் சொல்லும் வழி: முதலில் அடுக்கை எழுதி மொத்தத் துளையை எண்ணுங்கள். நான்கு விடையில் குறைந்தது இரண்டு பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடும். மிச்சமிருக்கும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஒரு கட்டத்தில் ஒன்றில் துளை இருக்கும், மற்றதில் இருக்காது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் சோதியுங்கள். எல்லாவற்றையும் பிரிக்காமலே விடை கிடைத்துவிடும். துளைக்கும் விளிம்புக்கும் உள்ள நெருக்கத்தையும் கவனியுங்கள். மடிப்புக் கோட்டை ஒட்டி இருந்த துளையின் ஜோடி கோட்டின் அந்தப் பக்கத்தில் ஒட்டியே இருக்கும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கோட்டிலிருந்து தள்ளி இருந்தது அவ்வளவே தள்ளிப் போய் நிற்கும்.

ஒளி ஊடுருவும் தாளை மடிக்கும் கேள்வி இதைப் போலவே தோன்றும், ஆனால் அது வேறு. அங்கே தாளில் முன்பே வரைந்த கோலம் இருக்கும், மடித்தபின் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிரிக்க வேண்டியதில்லை, ஒரு பாதியை மற்றதன் மேல் கண்ணாடியாகப் போட்டால் போதும். கேள்வியின் வாசகத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. கீழ் ஓரத்துப் பட்டையை, அதாவது 4-ஆம் வரிசையை, 3-ஆம் வரிசையின் மேல் மடியுங்கள். பிறகு வலது பாதியை இடது பாதியின் மேல் மடியுங்கள். (3,1)இலும் (1,2)இலும் துளை போடுங்கள். கட்டம் வரைந்து, அடுக்கை எழுதி, கடைசி மடிப்பிலிருந்து பிரித்து வாருங்கள். முடித்தபின் கீழே பாருங்கள்.

```
·  ●  ●  ·
·  ·  ·  ·
●  ·  ·  ●
●  ·  ·  ●
```

உங்களுக்கு மேல் வரிசையில் இரண்டும் கீழே நான்கும் வந்திருந்தால் சரி. எட்டு வந்திருந்தால் முதல் வரிசைத் துளைக்கும் கீழ்ப் பட்டையில் ஜோடி தேடியிருக்கிறீர்கள். கோணி ஊசியும் தாளும் இன்னும் பக்கத்தில் இருந்தால் இதையும் ஒருமுறை குத்திப் பிரித்துப் பாருங்கள்.